ஹாஜியை எடுத்தா எடுக்கலாம், சையதை எடுக்காதீங்க

கேள்வி: வக்கீல் சார், ஸலாம். 1986ல வாங்கின மனைப் பத்திரத்துல வாப்பா பேரு சையது இப்ராஹிம். 1994ல வாங்கின பக்கத்து மனைல ஹாஜி சையது இப்ராஹிம். இறப்புச் சான்றிதழ்ல வெறும் இப்ராஹிம் ஹாஜியார். உம்மா ரேஷன் கார்டுல கதீஜா பீவி, ஆதார்ல கதீஜா பேகம். எல்லாம் வேற வேற ஆள்னு பேங்க்ல லோனை நிறுத்திட்டாங்க. இந்த ஹாஜி, சையது எல்லாம் பேரா பட்டமா, எதை முன்னாடி போடணும்?

பதில்: வஅலைக்கும் ஸலாம் தம்பி. ஹாஜி, சையது, பேகம் மூணையும் ஒரே கணக்குல பாக்கக் கூடாது, அங்கதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க. ஹாஜிங்கறது ஹஜ் முடிச்சு வந்தவங்களுக்கு ஊர் குடுக்குற மரியாதை, பொறந்தப்ப வச்ச பேரு இல்ல. அதனாலதான் 1986 பத்திரத்துல இல்லாம 1994ல வந்திருக்கு, நடுவுல வாப்பா ஹஜ்ஜுக்கு போயிட்டு வந்திருப்பாங்க. அப்ப ஹஜ் கமிட்டி வழியா போனவங்களுக்கு சாதாரண பாஸ்போர்ட் இல்லாம தனியா ஒரு ஹஜ் பாஸ் குடுப்பாங்க, போட்டோவும் அப்பா பேரும் இருக்கும், பீரோவுல தேடிப் பாருங்க. கிடைச்சா இந்த வித்தியாசம் ஏன் வந்துச்சுன்னு அந்த ஒரு தாளே சொல்லிடும்.

சையது அப்படி இல்ல. அர்த்தம்னு பாத்தா ரசூலுல்லாஹ்வோட மகள் ஃபாத்திமா வழி வாரிசுங்களுக்கு வர்ற பரம்பரைப் பட்டம்தான், ஆனா நம்ம ராமநாதபுரம் பக்கம் ஏர்வாடி தர்காவுல அடங்கியிருக்குற சையது இப்ராஹிம் பேரை நேர்ந்துகிட்டு புள்ளைக்கு அப்படியே முழுசா வைப்பாங்க, அந்த வீடு சையது குடும்பமா இருக்கணும்னு அவசியமே இல்ல. அப்ப அது பட்டம் இல்ல, பேருல பாதி. அதை வெட்டினா ஆளே மாறிடும், ஒரே தெருவுல இப்ராஹிமும் இருப்பாரு சையது இப்ராஹிமும் இருப்பாரு இல்லையா. இன்னொரு வில்லங்கம், சில பேரு அதை 'எஸ். இப்ராஹிம்'னு சுருக்கிடுவாங்க, ஆபீஸ்ல அந்த எஸ்ஸை அப்பா பேரோட இனிஷியல்னு படிச்சுட்டா இன்னும் ஒரு புது ஆள் முளைச்சிடுவாரு.

வரிசை கேட்டீங்கல்ல, கல்யாணப் பத்திரிகைல பாத்திருப்பீங்க: மர்ஹூம் (காலமானவங்களுக்கு மட்டும்), இருக்குறவங்களுக்கு ஜனாப், அப்புறம் அல்ஹாஜ், மௌலவி மாதிரி அவங்களா சம்பாதிச்சது, கடைசியா பேரை ஒட்டி சையது. பேருக்கு எவ்வளவு பக்கத்துல நிக்குதோ அவ்வளவுக்கு அது பேருன்னு வச்சுக்கங்க. பத்திரிகைல எத்தனை வேணா போடுங்க, பத்திரத்துல வேண்டாம்.

பேகம் துருக்கி வழியா வந்த சொல்லு, பேக்னு சொல்ற பிரபுவோட பெண்பால். வடக்க பேகம் ஹஜ்ரத் மஹல்னு முன்னாடி நிக்கும், நம்ம ஊர்ல பின்னாடி, பீவி நிக்குற அதே இடத்துல. உம்மா உயிரோட இருக்குறதால இது சுலபம், ஆதார் பேரையே வச்சுகிட்டு 'கதீஜா பேகம் என்கிற கதீஜா பீவி'ன்னு ஒரு அஃபிடவிட்ல சொல்லிடலாம், பேங்க் பிடிவாதம் பிடிச்சா கெஜட்ல பேர் மாற்றம் போட்டுக்கலாம். வாப்பாவுக்கு கெஜட் முடியாது, அந்த விண்ணப்பத்துல அவங்கதான் கையெழுத்து போடணும்.

அதனால வாப்பா விஷயத்துல முதல்ல இறப்புச் சான்றிதழைத் திருத்துங்க. பிறப்பு இறப்பு பதிவுச் சட்டம் 1969, பிரிவு 15ல இதுக்கு வழி இருக்கு, பழைய பதிவை அழிக்காம ஓரத்துல திருத்தி எழுதுவாங்க. அங்க சையது வந்தே ஆகணும், ஹாஜியார் இருந்தாலும் போனாலும் கவலை இல்ல. அது கைக்கு வந்த பிறகுதான் தாசில்தார்கிட்ட வாரிசு சான்றிதழுக்குப் போங்க, அவசரப்பட்டு முன்னாடியே வாங்குனீங்கன்னா அதுலயும் தப்பு ஏறி ரெண்டு திருத்தம் ஆயிடும். ஏற்கனவே வாங்கியிருந்தா அதையும் சேர்த்து மாத்தணும்.

1994 பத்திரத்தைத் தொட வேண்டாம். பிழைத்திருத்தல் பத்திரம் போடலாம்னு டைப்பிஸ்ட் கடைல சொல்லுவாங்க, அதுக்கு எழுதிக் குடுத்தவரோ அவர் வாரிசுங்களோ வந்து கையெழுத்து போடணும், எங்க போய் தேடுறது? அதோட அங்க பிழையே இல்லயே. ரெண்டு பத்திரத்தோட சான்றிட்ட நகலையும் வாங்கி, வாப்பாவோட அப்பா பேரு, கதவு எண் ரெண்டும் ஒத்துப் போகுதான்னு பாருங்க, நாலெல்லைல 'தங்களுக்கு ஏற்கனவே பாத்தியப்பட்ட மனைக்கு கிழக்கு'ன்னு ஒரு வரி இருந்தா கேஸ் முடிஞ்ச மாதிரி, பக்கத்து மனைங்கறீங்களே, இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. அப்புறம் உங்க குடும்பப் பாகப்பிரிவினை எழுதுறப்ப 'சையது இப்ராஹிம் என்கிற ஹாஜி சையது இப்ராஹிம் என்கிற இப்ராஹிம் ஹாஜியார், மூவரும் ஒரே நபர்'னு ரெண்டு பத்திர எண்ணோட ஒரு வரி சேர்த்து, வாரிசு எல்லாரும் கையெழுத்து போடுங்க.

வெளியாள் யாராவது அந்த மனை என்னோடதுன்னு வந்தா மட்டும்தான் இது பத்தாது, அப்ப சிவில் கோர்ட்ல மனை உங்களோடதுன்னு அறிவிக்கச் சொல்லி விளம்புகை கேட்டு கேஸ் போட்டே ஆகணும். பேங்க் லீகல் ஒப்பீனியன் குடுக்குற வக்கீல் யாருன்னு கேட்டு, மேல சொன்ன அந்த வரியை பதிவு பண்றதுக்கு முன்னாடியே அவர்கிட்ட காட்டிடுங்க.