டிராயிங் கொடுக்கும் முன் எழுதிக்கொள்ள வேண்டியவை

“டர்பன் ஃபீனிக்ஸில் மூன்று பேராக நடத்தும் கம்பெனி எங்களுடையது. சமோசா பட்டை வெட்டும் சின்ன மெஷின் ஒன்றை வடிவமைத்திருக்கிறோம். பைன்டவுனில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறைக்கு 14 டிராயிங் கொடுக்க வேண்டும். விலை கேட்பதற்காக இரண்டை ஏற்கெனவே அனுப்பிவிட்டோம். இணையத்தில் எடுத்த ரகசிய ஒப்பந்தம் எட்டுப் பக்கம், எனக்கே புரியவில்லை. எளிய நடையில் எதை எழுதுவது?”

அந்த எட்டுப் பக்கத்தில் ‘வெளியிடக் கூடாது’ என்பது அநேகமாகப் பத்து இடத்தில் இருக்கும். ‘பயன்படுத்தக் கூடாது’ என்பது எத்தனை இடத்தில் இருக்கிறது என்று முதலில் தேடிப் பாருங்கள். பட்டறைக்காரர் உங்கள் டிராயிங்கை யாரிடமும் காட்டத் தேவையில்லை. அவரிடமே லேசர் இருக்கிறது, பெண்டிங் மெஷின் இருக்கிறது, வெல்டர் இருக்கிறார். உங்களுக்கு 20 மெஷின் செய்துவிட்டு, 21ஆவதை அவர் பெயரில் விற்றால், ஒரு ரகசியமும் வெளியே போகவில்லையே என்று வாதாடலாம்.

டிராயிங்குக்குப் பதிப்புரிமை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 15(3A) என்றொரு பிரிவு உண்டு. தொழிற்சாலை முறையில் செய்த, முதன்மையாகப் பயன்பாட்டுக்கான பொருளை நீங்களே சந்தைக்கு விட்டுவிட்டால், அதைப் பார்த்து அதேபோல் இன்னொருவர் செய்வது டிராயிங்கின் பதிப்புரிமையை மீறுவதாகாது. உங்கள் மெஷின் ஒரு டேக்அவே கடைக்குப் போன அன்றே அந்த வேலி சாய்ந்துவிடும். வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் செயல்பாட்டு வடிவமாகப் பதிவு செய்தால் 10 ஆண்டு பாதுகாப்பு கிடைக்கும். சந்தைக்கு விட்ட 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அது தனி வேலை, செலவும் உண்டு. பட்டறைக்காரரைப் பொறுத்தவரை உங்கள் கையில் உள்ள பிடி நீங்கள் இருவரும் போடும் கையெழுத்துதான். ஆகவே முதல் வாக்கியம் இப்படி இருக்கட்டும்:

“இணைப்பில் உள்ள டிராயிங்குகளை எங்கள் ஆர்டருக்குப் பொருள் செய்ய மட்டுமே பயன்படுத்துவீர்கள். உங்களுக்காகவோ வேறு யாருக்காகவோ அவற்றைக் கொண்டு எதையும் செய்ய மாட்டீர்கள், செய்யக் கொடுக்க மாட்டீர்கள். மெஷின் கடைகளில் விற்பனைக்கு வந்த பிறகும் இது பொருந்தும். கடைசி டெலிவரியிலிருந்து 3 ஆண்டுகள் வரை செல்லும்.”

கடைசி இரண்டு வரிகளை விட்டுவிடாதீர்கள். ‘பொதுவெளிக்கு வந்த தகவலுக்கு இது பொருந்தாது’ என்ற வழக்கமான விலக்கு உங்கள் மாதிரியிலும் இருக்கும். மெஷின் கடைக்கு வந்ததும் அந்த விலக்கு முழு ஒப்பந்தத்தையும் விழுங்கிவிடும். அதேபோல் காலத்தை ‘என்றென்றும்’ என்று நீட்டினால், நியாயமற்ற தொழில் தடை என்று நீதிமன்றத்தில் எதிர்ப்பதற்கு நீங்களே வழி விடுகிறீர்கள்.

இணைப்பு என்பது ஒரு பக்கம்: டிராயிங் எண், திருத்த எழுத்து, தேதி. `PUR-07_RevC.dxf` என்று ஃபைல் பெயரையே எழுதுங்கள். ‘எல்லாத் தகவல்களும் ரகசியம்’ என்று எழுதுவது எளிது. நாளைக்கு அவர் எதை மீறினார் என்று காட்டுவதுதான் கடினம்.

அடுத்தது, பலரும் கோட்டை விடும் இடம். நீங்கள் கொடுத்த டிராயிங் அப்படியே மெஷினுக்குள் போவதில்லை. பட்டறையில் உள்ளவர் வளைவுக்கான நீளத்தைச் சேர்த்துத் தட்டையாக விரித்து, பிளேட்டில் துண்டுகளை அடுக்கி, வேறொரு ஃபைல் உண்டாக்குகிறார். வெல்டிங்குக்குத் துண்டுகள் நகராமல் பிடிக்க ஒரு ஜிக் செய்கிறார். உங்கள் மெஷினை மறுபடி செய்ய டிராயிங்கே வேண்டாம், இந்த இரண்டும் போதும். ஒரு பட்டறைச் சுவரில் ஜிக் ஒன்று தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். அதில் என் வாடிக்கையாளரின் பாக எண் மேல் சாம்பல் பெயின்ட் அடித்திருந்தது. எண் பெயின்டுக்கு அடியில் இன்னும் தெரிந்தது. டிராயிங்குகளை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்த பட்டறைதான் அது.

வெளி ஒப்பந்ததாரர் உண்டாக்கிய ஃபைல், நீங்கள் காசு கொடுத்தீர்கள் என்பதாலேயே உங்களுடையதாகிவிடாது. பதிப்புரிமை கைமாற, கொடுப்பவர் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். எழுதுங்கள்:

“எங்கள் டிராயிங்கிலிருந்து நீங்கள் உண்டாக்கும் கட்டிங் ஃபைல், விரிப்பு வரைபடம், அவற்றின் பதிப்புரிமை எல்லாவற்றையும் இதன் மூலம் எங்களுக்கு மாற்றித் தருகிறீர்கள். ஜிக் செலவைப் பில்லில் தனியாகக் காட்டுவீர்கள். நாங்கள் பணம் கட்டியதும் ஜிக் எங்களுடையது. வேலை முடிந்து 14 நாளில் ஃபைல்களையும் ஜிக்குகளையும் ஒப்படைப்பீர்கள். கழித்துக்கட்டிய பாகங்களை வெட்டிச் சிதைத்த பிறகே பழைய இரும்புக்குப் போடுவீர்கள்.”

இந்தப் பத்தி இருப்பதால் பேனாவால் கையெழுத்து வாங்குங்கள். சட்டமே கையெழுத்து கேட்கும் இடத்தில், ஈமெயிலில் ‘ஓகே’ போட்டதோ கையெழுத்துப் படத்தை ஒட்டியதோ செல்லாது. அங்கீகாரம் பெற்ற உயர்தர மின்கையெழுத்துதான் செல்லும்.

லேசர் கட்டிங்கையோ பாலிஷையோ அவர் வெளியே கொடுப்பாரா என்று கேளுங்கள். கொடுப்பார் என்றால் ஒரு வரி போதும்: “எங்கள் எழுத்து அனுமதி இல்லாமல் வெளியே கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அவர்கள் செய்யும் தவறு உங்கள் தவறு.” அனுமதி கொடுக்கும்போது அந்தத் துண்டின் டிராயிங் மட்டும் போகட்டும், முழு அசெம்பிளி போக வேண்டாம்.

இனி அபராதம். ‘மீறினால் 5 லட்சம் ராண்ட்’ என்று பலர் எழுதுகிறார்கள். எழுதும்போது மனசுக்கு நன்றாகத்தான் இருக்கும். 1962ஆம் ஆண்டின் ஒப்பந்த அபராதச் சட்டப்படி, உங்களுக்கு நேர்ந்த பாதிப்புக்குப் பொருந்தாத தொகையை நீதிமன்றம் குறைக்கலாம். இன்னொரு பொறியும் அதில் உண்டு. அபராதமும் நட்டஈடும் இரண்டையும் கேட்க முடியாது. அபராதத்துக்குப் பதில் நட்டஈடு கேட்கலாம் என்று ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதாவிட்டால், அதையும் கேட்க முடியாது. பேராசையில் எழுதிய தொகை குறைக்கப்படலாம், அற்பமாக எழுதிய தொகையோடு நீங்கள் மாட்டிக்கொள்ளவும் செய்யலாம்.

கணக்காக எழுதுங்கள். உங்கள் மெஷின் 46,000 ராண்டுக்கு விற்று, 11,000 ராண்ட் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் திருட்டுத்தனமாக விற்கும் ஒவ்வொரு மெஷினும் உங்களுக்கு ஒரு விற்பனை இழப்பு. “அனுமதியின்றிச் செய்த ஒவ்வொரு மெஷினுக்கும் 11,000 ராண்ட் கட்ட வேண்டும். அதற்குப் பதில் நிரூபிக்கக்கூடிய நட்டத்தைக் கேட்பதும் எங்கள் விருப்பம். தயாரிப்பை நிறுத்த உத்தரவு கேட்டு நீதிமன்றம் போகவும் எங்களுக்கு உரிமை உண்டு.” 11,000 எங்கிருந்து வந்தது என்று நீதிபதி கேட்டால் உங்களிடம் பதில் இருக்கும்.

கையெழுத்தை கம்பெனி சார்பாக ஒன்று, முதலாளி தன் பெயரில் ஒன்று என்று இரண்டாக வாங்குங்கள். கம்பெனியை மூடிவிட்டு அதே கொட்டகையில் வேறு பெயர்ப் பலகை மாட்டுவது பெரிய காரியமில்லை. நல்ல பட்டறைக்காரர் கொஞ்சம் முணுமுணுப்பார், போடுவார். ஒப்பந்தத்தை ஆங்கிலத்திலேயே தயாரியுங்கள், ஆனால் நான் மேலே எழுதிய அளவுக்கு எளிமையாக. ஃபோர்மேனுக்கும் அது புரிய வேண்டும். கையெழுத்துக்கு முன் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் ஒரு முறை பார்க்கட்டும். இரண்டு பக்கத்தைப் படிக்க அவருக்கு அதிக நேரம் ஆகாது.

ஏற்கெனவே போன இரண்டு டிராயிங்குகளையும் இணைப்பில் முதல் இரண்டு வரியாகச் சேர்த்து, அனுப்பிய ஈமெயிலின் தேதியை எழுதி, “இந்தத் தேதியிலிருந்து கொடுத்தவை அனைத்துக்கும் இது பொருந்தும்” என்று போடுங்கள். விலை மட்டும் சொல்லி, ஆர்டர் கிடைக்காமல் போனாலும் அவர் கட்டுப்பட்டவர் என்றும் ஒரு வரி வேண்டும். மீதி 12 டிராயிங்கும் கையெழுத்தான தாள் உங்கள் கைக்கு வரும்வரை உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கட்டும்.