ஜேபெக்கிலேயே சேமித்துச் சேமித்து மங்கிய முகம்

கேள்வி: தாத்தா பாட்டி கல்யாண போட்டோவை மயிலாப்பூரில் ஒரு கடையில் ஸ்கேன் செய்து வாங்கினேன். பத்து நாளாகக் கீறல்களை நீக்கி, தினமும் ராத்திரி ஜேபெக்காகவே சேமித்தேன். இப்போது பாட்டி முகம் திட்டுத் திட்டாக இருக்கிறது. 1,500 ரூபாய் கொடுத்தால் 'எச்டி' ஆக்கித் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். போன விவரம் அந்தக் கோப்பில் இல்லை. பிக்சலைக் கூட்டி ஓரங்களைக் கூர்மையாக்கினால் திட்டுகளும் சேர்ந்து கூர்மையாகும். 72 டிபிஐயை 300 என்று மாற்றித் தருவதும் வெறும் எண் மாற்றம்தான்.

ஜேபெக் படத்தை 8x8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நுண்ணிய விவரங்களைத் தோராயமாக்கிச் சேமிக்கிறது. மறுநாள் திறக்கும்போது உங்களுக்குக் கிடைப்பது அந்தத் தோராயம். அதைத் திருத்திச் சேமித்தால் தோராயத்துக்கு மேல் தோராயம். தரத்தை 100 என்று வைத்தாலும் இழப்பு குறையுமே தவிர நிற்காது.

திறந்து பார்ப்பதாலும் பென்டிரைவில் நகலெடுப்பதாலும் எதுவும் குறையாது. எதையும் மாற்றாமல், அதே மென்பொருளில், அதே தர அளவில் மறுபடி சேமித்தாலும் சேதம் மிகக் குறைவு. கட்டங்கள் இருந்த இடத்திலேயே இருப்பதால், ஏற்கெனவே தோராயமான எண்கள் பெரும்பாலும் அப்படியே திரும்பி வரும். ஆனால் இடது அல்லது மேல் ஓரத்தில் 3 பிக்சல் வெட்டினாலே கட்டங்கள் நகர்ந்து, படம் முழுக்கப் புதிதாகத் தோராயமாகும். வெளிச்சத்தைக் கூட்டினாலும் அப்படித்தான். நீங்கள் தினமும் திருத்திய இடங்களுக்கு இந்த விலக்கு உதவாது.

அசல் போட்டோவை மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். 600 டிபிஐ, 24 பிட் கலர், சுருக்கப்படாத டிஃப் என்று தெளிவாகக் கேளுங்கள். 4x6 அங்குலப் படம் சுமார் 26 எம்பி வரும். ஆனால் அளவை மட்டும் நம்பாதீர்கள்: ஜேபெக்கை டிஃப் ஆக மாற்றித் தள்ளிவிடும் கடைகள் உண்டு, அதுவும் அதே 26 எம்பிதான். அங்கேயே 400 சதவீதம் பெரிதாக்கி, புடவைக் கரையைப் பாருங்கள். கரையை ஒட்டிக் கொசு மொய்ப்பதுபோல் புள்ளிகளோ சதுரக் கட்டங்களோ தெரிந்தால் வாங்காதீர்கள். பென்டிரைவில் வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சிறிதாகி மறுபடி சுருங்கும்.

அந்த டிஃப்பைத் தொடாமல் வையுங்கள். நகலை கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் திறந்து, வேலை முடியும்வரை அதன் சொந்த, இழப்பில்லாத எக்ஸ்சிஎஃப் கோப்பாகவே சேமியுங்கள். `Ctrl+S` அதைத்தான் செய்யும். பிரிண்டுக்கு ஜேபெக் வேண்டுமென்றால் `File > Export As`, தரம் 95. `Overwrite` பக்கம் போகாதீர்கள், திறந்த கோப்பையே அது அழித்தெழுதிவிடும்.

விண்ணப்பத் தளங்கள் 50 கேபிக்குள் போட்டோ கேட்டு, சனங்களை ஒரே படத்தை நாலு முறை சுருக்க வைக்கின்றன. பெரிய படத்தை வாங்கி அவர்களே சுருக்கிக்கொள்ள என்ன தடை? அங்கேயும் ஒவ்வொரு முறையும் அசலிலிருந்தே புதிதாக எடுங்கள். போன தடவை சுருக்கியதை மறுபடி சுருக்காதீர்கள்.