மார்ஃபின் நிறுத்திய இரண்டாம் நாள்: இது எப்போது அடங்கும்?

"மார்ஃபின் மாத்திரையை நிறுத்தி இரண்டாம் நாள். கடும் ஃப்ளூ மாதிரி இருக்கிறது. உயிருக்கு ஆபத்தா, எப்போது முடியும்?"

பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து இல்லை. இப்போது உச்சத்தில் இருக்கிறீர்கள். குறுகிய நேரம் வேலை செய்யும் மார்ஃபினில் தொல்லை 8 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் உச்சம் தொட்டு, 4 முதல் 10 நாளில் அடங்கும். தூக்கமின்மை அப்புறமும் இழுக்கும். நீண்ட நேரம் வேலை செய்யும் மெத்தடோன் போன்ற மருந்து என்றால் தாமதமாகத் தொடங்கி நீளும்.

மார்ஃபின் மூளையில் உடலை உசுப்பும் நாரட்ரீனலின் என்ற வேதிப்பொருளை அடக்கி வைத்திருந்தது, குடலையும் மந்தமாக்கியிருந்தது. பிடி விட்டதும் இரண்டும் எகிறுகின்றன: வியர்வை, மயிர்க்கூச்செறிதல், மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு. கண்ணாடியில் பாருங்கள். கண்மணி விரிந்து, ஓயாமல் கொட்டாவி வந்தால் ஃப்ளூ அல்ல. அதிகக் காய்ச்சல் இருந்தால் வேறு காரணம் தேட வேண்டும்.

மதுவை நிறுத்தும்போது வரக்கூடிய வலிப்பு, சித்தப்பிரமை இதில் வழக்கமில்லை. ஆபத்து நீரிழப்பில்தான். குடித்த நீர் தங்காமல், சிறுநீர் குறைந்து, எழுந்தால் தலைசுற்றினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கர்ப்பம், இதய நோய், கூடவே மது அல்லது தூக்க மாத்திரைப் பழக்கம் இருந்தால் காத்திருக்கவே வேண்டாம்.

இன்னொன்று: தாங்க முடியாமல் பழைய அளவை மறுபடி எடுக்காதீர்கள். சில நாளிலேயே தாங்குதிறன் குறைந்துவிடும். அதே அளவு மூச்சை நிறுத்தலாம். இந்தத் தொல்லையைத் தணிக்கும் ப்யூப்ரினார்ஃபின் மருந்து பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.