தட்டை வீடியோவுக்குக் கீழே இருக்கிறது விஷயம்

“யூடியூபில் சமையல் சேனல் நடத்துகிறேன், 18,000 சந்தாதாரர்கள். தீபாவளிப் பலகாரத் தொடர் ஐந்து வீடியோவுக்கு ஸ்பான்சர் கேட்டு, காங்கேயம் பக்கத்து மரச்செக்கு எண்ணெய் கம்பெனி ஒன்றுக்கு மெயில் போட்டுப் பன்னிரண்டு நாள் ஆகிறது. சத்தமே இல்லை. ‘சார், என் மெயிலைப் பார்த்தீர்களா? ஞாபகப்படுத்துகிறேன்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், அனுப்பக் கை வரவில்லை. நடுவில் நான் போட்ட தட்டை வீடியோவில் 34 பேர் ‘என்ன எண்ணெய் அக்கா?’ என்று கேட்டிருக்கிறார்கள். செப்டம்பர் 20 ஷூட்டிங். என்ன செய்யட்டும்?”
– ஒரு வாசகி, திருச்சி

அனுப்புங்கள் சகோதரி. ஆனால் எழுதி வைத்திருப்பதை அனுப்பாதீர்கள்.

நான் சில வருஷம் ஒரு மசாலா கம்பெனியில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவள். இப்படி வருகிற மெயில்களைத் திறப்பேன், ‘நல்லாத்தான் இருக்கு, முதலாளியிடம் கேட்கணும்’ என்று நினைப்பேன். அதற்குள் டீலர் போன் வரும். சாயங்காலத்துக்குள் அந்த மெயில் நாற்பது மெயிலுக்குக் கீழே போயிருக்கும். வேண்டாம் என்று யாரும் முடிவு செய்திருக்க மாட்டோம். முடிவே செய்திருக்க மாட்டோம், அவ்வளவுதான். அந்த நிலையில் இருக்கிறவரிடம் ‘பார்த்தீர்களா?’ என்று கேட்டால் அவர் சொல்லக்கூடிய ஒரே பதில் ‘பார்த்தேன்’. அதைச் சொல்ல யாரும் மெயில் எழுத மாட்டார்கள். இரண்டாவது மெயில் அவர் கையில் ஒரு சின்ன முடிவைக் கொடுக்க வேண்டும், போனில் ஒரு வரி தட்டிப் பதில் சொல்கிற அளவுக்குச் சின்னதாக.

அதற்கு முன் ஒரு சோதனை. முதல் மெயிலில் சேனல் விவரத்தை கூகுள் டிரைவ் லிங்க்காகக் கொடுத்திருந்தீர்களா? அப்படியானால் அந்த லிங்க்கை, உங்கள் கணக்கில் நுழையாத வேறொரு போனில் திறந்து பாருங்கள். டிரைவில் நாம் மாற்றாவிட்டால் கோப்பு Restricted என்றுதான் இருக்கும். நமக்குத் திறக்கும், அவர்களுக்கு அனுமதி கேட்கச் சொல்லும். முன்பின் தெரியாத ஒருவருடைய கோப்புக்கு அனுமதி கேட்டு எந்த மேலாளரும் காத்திருக்க மாட்டார். Anyone with the link என்று மாற்றுங்கள். நான் பார்த்தவரை பாதி மௌனத்துக்குக் காரணம் இதுதான்.

இன்னொன்று, மெயில் எந்த முகவரிக்குப் போனது? பாட்டில் லேபிளில் இருக்கும் வாடிக்கையாளர் சேவை முகவரிக்குப் போயிருந்தால், ‘மூடி லீக் ஆகுது’ புகார்களோடு அது வரிசையில் நிற்கும். கொங்குப் பக்கம் போன் போட்டால் பெரும்பாலும் மனுஷர்களே எடுப்பார்கள். லேபிளில் உள்ள எண்ணைக் கூப்பிட்டு, “விளம்பரம் யாருங்க பார்க்கிறாங்க, அவங்க மெயில் ஐடி கிடைக்குங்களா?” என்று மட்டும் கேளுங்கள். ஸ்பான்சர் கதையை ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணிடம் விரிக்க வேண்டாம்.

இனி மெயில். பழைய மெயிலைத் திறந்து அதற்கே பதில் எழுதுகிற மாதிரி எழுதுங்கள். தலைப்பை மாற்றாதீர்கள், மாற்றினால் ஜிமெயில் அதைத் தனி மெயிலாகப் பிரித்துவிடும், பழையது கண்ணில் படாது. புது முகவரி கிடைத்திருந்தால் பெறுநர் இடத்தில் அதையும் சேர்த்துவிடுங்கள். இப்படி எழுதலாம்:

“வணக்கம். திருச்சியிலிருந்து சமையல் சேனல் நடத்துகிறேன். தீபாவளிப் பலகாரத் தொடர் பற்றி ஆகஸ்ட் 14 அன்று எழுதியிருந்தேன், அந்த மெயில் கீழே இருக்கிறது.

அதன் பிறகு ஒரு தட்டை வீடியோ போட்டேன். எந்த எண்ணெயில் சுட்டேன் என்று 34 பேர் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விகளின் படம் ஒன்றை இணைத்திருக்கிறேன்.

தொடரில் முறுக்கு, அதிரசம் இரண்டையும் கடலை எண்ணெயில் சுடப்போகிறேன். அந்த இரண்டு வீடியோவில் மட்டும் உங்கள் எண்ணெயை ஊற்றி, அது காய்கிற நேரத்தில் ஒரு நிமிடம் அதைப் பற்றிப் பேசலாம் என்பது என் யோசனை. இரண்டுக்கும் சேர்த்து 15,000 ரூபாய். விளம்பரம் என்பதை வீடியோவிலேயே தெரிவித்துவிடுவேன்.

செப்டம்பர் 20 படப்பிடிப்பு. பாட்டில் வந்து சேர நாள் வேண்டும் என்பதால் 10ஆம் தேதிக்குள் தெரிந்தால் உதவியாக இருக்கும். இந்த இரண்டு வீடியோவை எடுத்துக்கொள்ள விருப்பமா? இது உங்கள் பொறுப்பில் இல்லையென்றால் யாருக்கு எழுத வேண்டும் என்று ஒரு வரி சொன்னால் போதும். நன்றி.”

கீழே பெயர், சேனல் லிங்க், கைபேசி எண்.

முதல் மெயிலைத் தேடிப் படிக்காமலே இது புரியும், கவனித்தீர்களா? அந்த 34 பேரைத்தான் நீங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள். எண்ணெய் விற்கிறவருக்கு உங்கள் 18,000 வெறும் எண்ணிக்கை. ‘என்ன எண்ணெய்?’ என்ற கேள்வியோ கடை வாசலில் நிற்கும் வாடிக்கையாளர். படத்தில் ஏழெட்டுக் கேள்வி தெரிந்தால் போதும், கேட்டவர்களின் பெயரையும் முகத்தையும் மறைத்துவிடுங்கள்.

ஐந்தை இரண்டாக்கியதற்கும் காரணம் உண்டு. பதில் வராத பயத்தில் பலரும் செய்கிற தப்பு, இரண்டாவது மெயிலிலேயே விலையை இறக்குவது. ‘பாதி கொடுத்தாலும் பரவாயில்லை சார்’ என்று எழுதினால், முதலில் சொன்னது சும்மா சொன்ன விலை என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி. விலையைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். ஐந்துக்கு 37,500 கேட்டிருந்தால் இரண்டுக்கு 15,000, ஒரு வீடியோவுக்கு அதே 7,500. உங்கள் கணக்கு வேறாக இருந்தால் அந்த விகிதத்தில் போடுங்கள். சின்னத் தொகைக்கு முதலாளி வரை போகாமலே சிலர் தலையாட்டிவிடுவார்கள்.

தேதி நிஜமாக இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். ‘வேறு கம்பெனியும் கேட்கிறார்கள்’ என்று இல்லாததைச் சொல்லிவிடாதீர்கள். ‘அப்படியா, அவங்களுக்கே பண்ணிடுங்க’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நானே அப்படி முடித்திருக்கிறேன். மெயிலைத் திறந்தார்களா என்று உளவு சொல்லும் கருவிகளும் வேண்டாம். ‘நீங்கள் மூன்று முறை திறந்து பார்த்தீர்கள்’ என்று எனக்கு ஒருவர் எழுதினார். அதன் பிறகு அவர் பெயரைப் பார்த்தாலே கூச்சமாக இருந்தது.

இதற்கும் பதில் இல்லையென்றால் செப்டம்பர் 8 வாக்கில் அதே தொடர்ச்சியில் இன்னும் ஒரே ஒரு மெயில்: “10ஆம் தேதி நெருங்குவதால் எழுதுகிறேன். பதில் வராவிட்டால் இந்த முறை தோதுப்படவில்லை என்று எடுத்துக்கொண்டு படப்பிடிப்பைத் தொடங்கிவிடுகிறேன். பொங்கல் சமயத்தில் புது யோசனையோடு எழுதுகிறேன்.” கோபமும் குத்தலும் இல்லாத இந்த மாதிரி மெயிலுக்குத்தான் சில நேரம் அவசரமாகப் பதில் வரும். வராவிட்டால் அதற்கு மேல் எழுத வேண்டாம்.

20ஆம் தேதி அடுப்பைப் பற்றவைத்து வீட்டு எண்ணெயிலேயே சுடுங்கள். பாட்டிலின் லேபிள் மட்டும் கேமராவில் விழாதபடி திருப்பி வையுங்கள். இனாமாகத் தெரிகிற பெயருக்கு அடுத்த வருஷம் யார் காசு கொடுப்பார்கள்?