வாடகைப் படி விலக்குக்கு ஏன் MIN?

கேள்வி: கொழும்பில் இருந்து சென்னைக் கிளையின் சம்பளக் கணக்கைப் பார்க்கிறேன். வாடகைப் படி விலக்குக்கு விரிதாளில் MIN ஏன் போடுகிறார்கள்?

வீட்டு வாடகைப் படியில் வரி விழாத பங்குதான் விலக்கு. இது இந்திய வருமான வரி விதி. பழைய வரி முறையில் இருப்பவருக்கே கிடைக்கும். மூன்று தொகைகளில் மிகக் குறைந்ததை MIN எடுத்துத் தரும்: கிடைத்த படி, சம்பளத்தின் 10% போக மிஞ்சும் வாடகை, சென்னையென்றால் சம்பளத்தின் 50%. சம்பளம் என்பது இங்கே பெரும்பாலும் அடிப்படைச் சம்பளம்.

வாடகையில் ஒரு பங்கை எவரும் தம் சம்பளத்திலேயே சுமக்க வேண்டும், அதற்கு மேலான சுமைக்கே சலுகை என்பதுதான் காரணம். தேத்தண்ணி போடுவதை நினையுங்கள். பாலும் சீனியும் நிறைய இருந்தாலும் தேயிலை மூன்று கோப்பைக்குத்தான் என்றால், மூன்று கோப்பைதான் வரும்.

மாதச் சம்பளம் 40,000 இந்திய ரூபாய் (B1), படி 20,000 (B2), வாடகை 15,000 (B3) என்போம்.

```
=MAX(0, MIN(B2, B3-0.1*B1, 0.5*B1))
```

20,000, 11,000, 20,000 என்ற மூன்றில் விலக்கு 11,000. மீதி 9,000க்கு வரி உண்டு. வாடகை 4,000க்குக் கீழே போனால் நடுத்தொகை மைனஸாகிவிடும், அப்போது விலக்கை 0 ஆக்கத்தான் MAX.

பலர் வாடகையின் 10%ஐக் கழித்துவிடுகிறார்கள். கழிக்க வேண்டியது சம்பளத்தின் 10%.