சுண்ணாம்புக்கல் எந்த வெப்பநிலையில் சிதையும்: 838-ஆ, 895-ஆ, 600-ஆ?

"சார், CaCO₃ → CaO + CO₂ வினைக்கு ΔH° = +178.3 கிலோஜூல், ΔS° = +160.5 ஜூல்/கெல்வின். வகுத்துப் பார்த்தால் முதலில் 1.11 கெல்வின் வந்தது, அலகை மாற்றியதும் 1111 கெல்வின், அதாவது 838 டிகிரி செல்சியஸ். ஆனால் சோதனையில் 895 டிகிரி பக்கம் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் 600 டிகிரி தாண்டியதுமே எடை குறைவதாகப் படித்தேன். இதில் எது சரி?"

மூன்றுமே சரிதான், மூன்றும் வேறு வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

முதலில் அந்த 1.11 கெல்வின். அட்டவணையில் என்தால்பி கிலோஜூலிலும் என்ட்ரோபி ஜூலிலும் இருக்கும், அதனால் இந்தத் தப்பைச் செய்யாதவர் யாரும் இல்லை, நானும் தேர்வுத்தாளிலேயே செய்திருக்கிறேன். திரவ ஹீலியத்தை விடக் குளிரான இடத்தில் ஒரு கல் சிதைகிறது என்று விடை வந்தால் உடனே அலகைப் பார்க்க வேண்டியதுதான். 178300-ஐ 160.5-ஆல் வகுத்தால் 1111, இந்தக் கணக்கு சரி.

அந்த 1111-க்கு என்ன பொருள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கட்டிலா ஆற்றல் மாற்றமான ΔG° = ΔH° − TΔS° என்பதில் T-ஐ ஏற்றிக்கொண்டே போங்கள். 298 கெல்வினில் ΔG° சுமார் +130 கிலோஜூல், 1000-இல் +17.8, 1200-இல் −14.3. கல்லை உடைக்க வேண்டிய வெப்பம் அப்படியே இருக்க, வாயு ஒன்று விடுபடுவதால் கிடைக்கும் TΔS° மட்டும் ஒவ்வொரு கெல்வினுக்கும் 0.16 கிலோஜூல் வீதம் வளர்கிறது, ஒரு கட்டத்தில் இரண்டும் சமமாகின்றன. அந்த இடம்தான் 1111. இங்கே கவனிக்க வேண்டியது, சரிவு இவ்வளவு குறைவாக இருப்பதால் ΔH°-இல் வெறும் 1 கிலோஜூல் பிசகினாலே விடை 6 கெல்வின் தள்ளிப்போய்விடும். அதாவது இந்த முறை கடைசி இலக்கம் வரை நம்பத்தக்கது அல்ல, இரண்டு பாடநூல்களில் சற்றே வேறு விடை இருந்தால் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் 57 டிகிரி வித்தியாசம் அட்டவணைப் பிசகால் மட்டும் வந்துவிடாது. நீங்கள் எடுத்த ΔH°, ΔS° இரண்டும் 298 கெல்வினில் அளந்தவை, அவற்றை 800 கெல்வின் தாண்டியும் மாறாது என்று வைத்துக்கொண்டு வகுத்தீர்கள். உண்மையில் கால்சியம் கார்பனேட்டின் வெப்பக் கொள்ளளவு, விளைபொருள்கள் இரண்டின் கூட்டுத்தொகையை விடக் கொஞ்சம் அதிகம், சூடு ஏற ஏற இந்த இடைவெளி கூடும். சராசரியாக வித்தியாசம் −12 ஜூல்/கெல்வின் என்று வைத்து நானே போட்டுப் பார்த்தேன்: 1170 கெல்வின் வரும்போது ΔH° 168 கிலோஜூல் அளவுக்கும் ΔS° 144 ஜூல்/கெல்வின் அளவுக்கும் இறங்கிவிடுகின்றன. என்தால்பி ஆறு சதவீதம்தான் இறங்கியது, என்ட்ரோபி பத்து சதவீதம், அதனால் ஈவு பெரிதாகிவிட்டது. 168000-ஐ 144-ஆல் வகுங்கள், 1167 கெல்வின், கிட்டத்தட்ட 893 டிகிரி. சோதனைக்காரர்களின் 895 இதுதான். தண்ணீர் கொதிப்பதற்கு இதே எளிய முறையைப் போட்டால் 370 கெல்வின், அதாவது 97 டிகிரி வரும், மூன்று டிகிரிதான் பிழை, ஏனென்றால் அங்கே 298-இலிருந்து வெறும் 75 கெல்வின் தூரம்தான் போகிறோம். தூரம் கூடினால் பிழையும் கூடும், அவ்வளவுதான். தேர்வுக்கு எழுதுகிறீர்கள் என்றால் 1111 கெல்வினையே எழுதுங்கள், ΔH, ΔS மாறாது என்று எடுத்துக்கொண்டதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

சரி, 600 டிகிரி எங்கிருந்து வந்தது? ΔG°-க்குத் தலையில் ஒரு வட்டம் இருக்கிறதே, அதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. அந்த வட்டத்துக்குப் பொருள், மேலே நிற்கும் CO₂-இன் அழுத்தம் 1 பார் என்பது. உங்கள் கல்லைச் சுற்றி அப்படி இல்லாவிட்டால் கணக்கே மாறுகிறது. திடப்பொருள்கள் தூய்மையாக இருக்கும்போது

ΔG = ΔH° − T(ΔS° − R ln P)

என்று எழுதலாம், P என்பது பாரில் CO₂-இன் பகுதி அழுத்தம். அழுத்தம் குறைந்தால் ln P எதிர்க்குறி, ஆகவே அடைப்புக்குள் இருக்கும் என்ட்ரோபி பெரிதாகிறது. அது இயல்புதான், மெலிந்த வாயுவுக்குப் பரவ இடம் அதிகம். சாதாரணக் காற்றில் CO₂ சுமார் 0.0004 பார். R ln P அங்கே −65 ஜூல்/கெல்வின், அடைப்புக்குள் 225.5, வகுத்தால் 791 கெல்வின், சுமார் 518 டிகிரி. ஒரே கல், ஒரே அட்டவணை, ஆனால் எல்லை முந்நூறு டிகிரிக்கு மேல் இறங்கிவிட்டது! (இதுவும் 298-இன் எண்களை வைத்துப் போட்டதுதான், உண்மை எல்லை இதற்குச் சற்று மேலே இருக்கும்.)

இதையே இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தால் தெளிவாகும். ΔG° நேர்க்குறி என்றால் வினையே நடக்காது என்று பலர் நினைக்கிறார்கள், அது தப்பு. 1000 கெல்வினில் +17.8 கிலோஜூல் என்றோம், அதிலிருந்து சமநிலை மாறிலி 0.12 வருகிறது, இதுவும் 298-இன் எண்களை வைத்துப் போட்டதுதான், உண்மை மதிப்பு இதைவிடக் குறைவு. மூடிய பாத்திரத்தில் கல்லை வைத்து 1000 கெல்வினுக்குச் சூடாக்கினால், CO₂ 0.12 பாரைத் தொடும்வரை கல் சிதையும், தொட்டதும் நின்றுவிடும். அதே வெப்பநிலையில் நைட்ரஜனை ஊதி வெளிவரும் CO₂-ஐ அடித்துக்கொண்டே போனால் அது 0.12-ஐத் தொடவே தொடாது, கல் முழுதாகத் தீர்ந்துபோகும். எடை குறைவதை அளப்பவர்கள் பெரும்பாலும் இப்படி வாயு ஊதித்தான் அளக்கிறார்கள். ஆகவே ஒருவர் எந்த வெப்பநிலையைச் சொன்னாலும் மேலே என்ன வாயு, எவ்வளவு அழுத்தம் என்று முதலில் கேளுங்கள்.

எல்லை 500-களிலேயே வந்துவிடுகிறதே, ஏன் 600 வரை எடை அசையவில்லை என்று அடுத்துக் கேட்பீர்கள். கட்டிலா ஆற்றல் அனுமதி மட்டும்தான் தருகிறது, வேகத்தைப் பற்றி அது வாயே திறக்காது. 520, 550 டிகிரியில் வினை நடக்கலாம், ஆனால் நிமிடத்துக்குப் பத்து டிகிரி ஏற்றிக்கொண்டு போகும் கருவி அதைக் கவனிப்பதற்குள் அடுத்த வெப்பநிலைக்குப் போய்விடுகிறது. தூளாக்கி மெதுவாகச் சூடேற்றினால் தொடக்கம் கீழே இறங்கும், பெரிய கட்டியை வேகமாகச் சூடேற்றினால் மேலே ஏறும். கட்டிக்குள் CO₂ தேங்குவதும் இதில் சேர்ந்துகொள்ளும்.

எதிர்வினையை எடுத்தால் இது இன்னும் பளிச்சென்று தெரியும். CaO + CO₂ → CaCO₃-க்கு இரண்டு குறிகளும் தலைகீழ், அதனால் இது அதே எல்லைக்குக் கீழே தன்னிச்சையாகிறது, அறை வெப்பநிலையில் ΔG° = −130 கிலோஜூல். காகிதத்தில் பார்த்தால் உடனே நடக்க வேண்டும். ஆனால் ஈரமே இல்லாத CaO தூளை உலர்ந்த CO₂-இல் வைத்துவிட்டுப் போய் மறுநாள் எடை போட்டுப் பாருங்கள், பெரிதாக ஒன்றும் ஏறியிருக்காது. கொஞ்சம் ஈரம் பட்டால்தான் அது CO₂-ஐ ஒழுங்காகப் பிடிக்கத் தொடங்கும்.