ஆய்வேட்டு இயலை ஆய்விதழ்க் கட்டுரையாக்குவது

கேள்வி: பிஎச்.டி. முடிந்துவிட்டது. ஆய்வேட்டில் ஓர் இயலை ஆய்விதழுக்கு அனுப்பச் சொல்கிறார் நெறியாளர். எங்கே வெட்டுவது, எங்கே தொடங்குவது?

வெட்டுவதற்கு முன், அந்த இயலில் நீங்களே கண்டுபிடித்த விஷயம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கடைசியில் ஒளிந்திருக்கும்.

என்னுடைய இயல் 19ஆம் நூற்றாண்டுச் சென்னை மாகாணத்தில் ஊரார் கூடி ஏரி, வாய்க்கால்களைப் பராமரித்த குடிமராமத்து பற்றியது. சுமார் 16,000 சொற்கள். இதழ் ஏற்பதோ அடிக்குறிப்போடு சேர்த்து 8,000. ஏரிப் பாசன வரலாறு, கல்வெட்டுகள், உழவரிடம் நேரடியாக நிலவரி வசூலித்த ரயத்துவாரி முறை, முன்னாய்வுகள், 1858ஆம் ஆண்டுக் கட்டாய உழைப்புச் சட்டம் என்று வரிசையாகப் போய், அப்புறம்தான் ஆவணக் காப்பகத்தில் நான் பார்த்த மனுக்கள் வந்தன. குடியானவர்கள் வேலைக்கு வர மறுக்கிறார்கள் என்பது அதிகாரிகளின் குறிப்பு. மனுக்களில் இருந்ததோ வேறு: வாய்க்கால் தூர்வாருவது எங்கள் வழக்கம்தான், மதகு கட்டுவது சர்க்கார் பொறுப்பு.

ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் ஒரு வரி எழுதி, அந்த வரிகளை மட்டும் தனித் தாளில் எடுத்து எழுதினேன். மனுக்களைப் புரிந்துகொள்ள எந்த வரி தேவை என்று கேட்டுப் பார்த்ததும் பாதி தானாகவே விழுந்துவிட்டது. கல்வெட்டுப் பகுதி முழுதும் போயிற்று (அதற்காக ஊர் ஊராக அலைந்ததை நினைத்தால் வயிறு எரியத்தான் செய்தது). ரயத்துவாரி ஒரு பத்தியாகச் சுருங்கியது. சட்டத்தில், வழக்கமான மராமத்து வேலையைச் செய்யாதவரிடம் பணம் வசூலிக்கலாம் என்ற பிரிவு மட்டும் நின்றது. எது வழக்கம் என்ற சண்டைக்கு அதுதான் களம்.

முன்னாய்வுப் பகுதியைச் சுருக்கினால் போதாது, திருப்பி எழுத வேண்டும். நாம் எல்லாவற்றையும் படித்திருக்கிறோம் என்று தேர்வாளருக்குக் காட்ட எழுதியது அது. கட்டுரையில் ஒரு விவாதம் போதும். காலனி ஆட்சியில்தான் குடிமராமத்து சிதைந்தது என்பது ஒரு தரப்பு. பழைய கிராம ஒற்றுமை என்ற சித்திரத்தையே நம்ப முடியாது என்பது இன்னொரு தரப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் என் மனுக்களை வைத்தபோது, ஏரிகளின் நிலை என்ன என்றிருந்த கேள்வி, வழக்கத்தை யார் வரையறுத்தார்கள் என்று மாறியது. மனுக்கள் இரண்டாம் பகுதிக்கு ஏறின. முன்னுரையைப் பழைய கோப்பைத் திறக்காமலே புதிதாக எழுதினேன். வெட்டி ஒட்டினால் ஆய்வேட்டு நடை விடாது.

வெட்டியபின் 'முந்தைய இயலில் கண்டபடி' போன்ற தொடர்களையும், விளக்கம் போய்ச் சொல் மட்டும் நிற்கும் இடங்களையும் தேடுங்கள். உங்களுக்கு அவை கண்ணில் படாது. வேறு காலத்தை ஆய்கிற நண்பரிடம் கொடுத்தால் முதல் பக்கத்திலேயே பிடித்துவிடுவார்.

ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் உங்கள் ஆய்வேடு ஏறியிருந்தால், ஒப்புமை சோதனையில் உங்கள் எழுத்தே உங்களுக்கு எதிராக வரக்கூடும். இது இன்ன ஆய்வேட்டின் இயலிலிருந்து உருவானது என்று ஆசிரியருக்கான கடிதத்தில் முதலிலேயே எழுதிவிடுங்கள். அந்த இதழின் விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.